‘அந்த முகவரி எங்களிடம் இல்லை’ என்று காட்டிக்கொடுக்காத பக்கம்: ஒரு கடவுச்சொல் மீட்பு மறுவடிவமைப்பு

மனநல ஆலோசனைக்கு நேரம் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றின் உதவிப் பிரிவுக்குப் புகார் ஒன்று வந்தது. எழுதியவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். ஆலோசனை பெறுவதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கணவர் அந்தத் தளத்தின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ பக்கத்துக்குப் போய், மனைவியின் மெயில் முகவரியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ‘மீட்பு லிங்க் அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. வேறொரு முகவரியைத் தட்டியபோது ‘அப்படி ஒரு கணக்கு இல்லை’ என்று வந்தது. அவருக்குத் தேவையானது அவ்வளவுதான். யாரும் கணக்குக்குள் நுழையவில்லை, கடவுச்சொல் எதுவும் களவு போகவில்லை. ஆனாலும் அந்தப் பெண் மறைத்து வைத்திருந்த ஒரே விஷயத்தைத் தளமே சொல்லிவிட்டது.

புகார் வந்ததும் குழு செய்தியை மாற்றிவிட்டது. எந்த முகவரியைக் கொடுத்தாலும் ‘இந்த முகவரிக்குக் கணக்கு இருந்தால், மீட்பு லிங்க் அனுப்பியிருக்கிறோம்’ என்றுதான் பக்கம் சொல்லும். என்னை ஆய்வுக்கு அழைத்தபோது இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்திருந்தது. கேட்கப்பட்ட கேள்வி: இது போதுமா?

போதவில்லை. பழைய அமைப்பில் பக்கத்தைக் கையாளும் நிரலே பயனரைத் தேடி, லிங்கில் வைக்கும் ரகசிய எழுத்துத் தொடரான டோக்கனை உருவாக்கி, மெயில் சர்வரோடு பேசி, அது முடிந்த பிறகுதான் பதில் அனுப்பியது. கணக்கு இல்லாவிட்டால் தேடியதோடு திரும்பிவிடும். பதிவு செய்த முகவரிக்குப் பதில் வரக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆனது. பதிவு செய்யாததற்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், உலாவியில் பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்தாலே தெரியும். வாசகம் ஒன்றாக இருந்தாலும் காத்திருக்கும் நேரம் பதிலைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கசிவு இன்னும் நுட்பமானது. மெயில் சர்வர் இயங்காத நேரத்தில் அனுப்பும் வரி பிழையாகி, பக்கம் 500 என்ற நிலையைத் திருப்பியது. ஆனால் பதிவில்லாத முகவரிக்கு மெயிலே அனுப்புவதில்லை என்பதால் அங்கே பிழையும் வராது. ஆக மெயில் சேவை படுத்திருக்கும் நேரங்களில் பக்கம் மறுபடியும் பழையபடி ‘உண்டு, இல்லை’ என்று சொல்ல ஆரம்பித்துவிடும். இது இந்தக் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பைதான் உலகில் பெரிதும் பயன்படும் ஜாங்கோ கட்டமைப்பின் மீட்புப் படிவத்திலேயே இதே ஓட்டை இருந்து, 2024 செப்டம்பரில் CVE-2024-45231 என்ற பாதுகாப்புக் குறை எண்ணோடு சரிசெய்யப்பட்டது.

மூன்றாவது, லிங்கிலேயே இருந்தது. பழைய லிங்கில் டோக்கனோடு மெயில் முகவரியும் சேர்ந்திருந்தது. யாரும் கையாலேயே ஒரு லிங்க் எழுதி, முகவரியைச் சரியாகவும் டோக்கனை ஏதோ எழுத்துகளாகவும் கொடுத்தால் ‘லிங்க் தவறானது’ என்று வரும். பதிவில்லாத முகவரியைக் கொடுத்தால் ‘பயனர் இல்லை’ என்று வரும். மீட்புக் கோரிக்கைப் பக்கத்தை எவ்வளவு பூசி மெழுகினாலும், அடுத்த பக்கம் வாயைத் திறந்துவிடுகிறது.

வாசகத்தை மட்டும் ஒரே மாதிரியாக்குவது பலன் தராததற்கு ஊரறிந்த சான்று 2015-இல் வந்தது. ஆஷ்லி மேடிசன் தளத்தின் மீட்புப் பக்கம் இரண்டு சூழலிலும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் காட்டியது. ஆனால் கணக்கு இல்லாதபோது மட்டும் முகவரிப் பெட்டி பக்கத்தில் அப்படியே நின்றது, இருந்தால் மறைந்துவிட்டது. பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹண்ட் அந்த ஆண்டு இதை வெளியில் காட்டினார். செய்தியை எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு வழியாகப் பிரிந்த நிரல், எங்கோ ஓர் இடத்தில் அந்தப் பிரிவைக் காட்டிவிட்டது.

இந்த ஆய்வில் நான் முக்கியமாக வலியுறுத்தியது இதுதான்: பதிலை மறைக்கப் பாடுபட வேண்டாம், பக்கத்துக்குப் பதிலே தெரியாமல் செய்துவிடுங்கள். வெளியில் இருப்பவருக்குப் பதில் அனுப்பும் நிரல் பயனர் அட்டவணையைத் தொடவே கூடாது. குழுவில் ஒருவர், கணக்கு இல்லாதபோது செயற்கையாக ஒரு நொடி தாமதிக்கலாம் என்றார். மெயில் சர்வரின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். நாம் வைக்கும் தாமதம் அதே போக்கில் மாறாது. நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பிச் சராசரி எடுப்பவருக்கு இரண்டு கூட்டமும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அதனால் தாமத யோசனையை விட்டுவிட்டு, வேலையை இரண்டாகப் பிரித்தோம். பக்கம் செய்வது இவ்வளவே:

```python
def request_reset(request):
    typed = request.POST.get("email", "").strip()[:254]
    queue.enqueue("send_reset", typed)
    return render(request, "reset_requested.html")
```

தட்டிய முகவரியை வேலை வரிசையில் போடு, ஒரே பக்கத்தைக் காட்டு, முடிந்தது. முகவரியில் @ குறியே இல்லையென்றால் ‘முகவரியைச் சரிபாருங்கள்’ என்று சொல்வதில் தவறில்லை, ஏனென்றால் அந்தப் பதில் தட்டிய எழுத்துகளை மட்டுமே சார்ந்தது. கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, டோக்கன் உருவாக்குவது, மெயில் அனுப்புவது எல்லாம் பின்னணியில் இயங்கும் நிரலின் பொறுப்பு. அங்கே எவ்வளவு நேரம் ஆனாலும், என்ன பிழை வந்தாலும், வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

```python
def send_reset(typed):
    user = find_user(typed)
    if user is None or over_limit(user.id):
        return
    token = secrets.token_urlsafe(32)
    digest = hashlib.sha256(token.encode()).hexdigest()
    save_reset(user.id, digest, minutes=30)
    send_mail(user.email, RESET_BASE + "/reset/" + token)
```

இதில் சில வரிகளுக்கு விளக்கம் தேவை. `secrets.token_urlsafe(32)` 32 பைட் அளவுக்குக் கணிக்க முடியாத தற்செயல் எண்ணை எடுத்து, 43 எழுத்துகளாகத் தருகிறது. பழைய அமைப்பு முகவரியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஹாஷ் செய்து டோக்கனாக்கியிருந்தது. முகவரி தெரிந்தவர் கோரிக்கையைத் தானே அனுப்பினால் நேரமும் தெரிந்துவிடும். மீதி, சில ஆயிரம் முயற்சிகளில் ஊகிக்கக்கூடிய எண்தான். அதை அப்படியே தூக்கிப்போட்டோம்.

டேட்டாபேஸில் டோக்கனை வைப்பதில்லை, அதன் `SHA-256` ஹாஷை மட்டும் வைக்கிறோம். நாளைக்கு யாராவது அட்டவணையின் பிரதியைப் பார்த்துவிட்டாலும் அதிலிருந்து லிங்க் தயாரிக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் போல மெதுவான ஹாஷ் இங்கே தேவையில்லையா என்று கேட்டார்கள். தேவையில்லை. கடவுச்சொல்லை மனிதர் தேர்ந்தெடுக்கிறார், அதனால் ஊகிக்க வாய்ப்பு உண்டு; ஊகத்தின் வேகத்தைக் குறைக்கத்தான் `bcrypt` போன்றவை. 256 பிட் தற்செயல் எண்ணை எவ்வளவு வேகமாக முயன்றாலும் ஊகிக்க முடியாது.

மெயில் போவது `user.email`-க்கு, அதாவது டேட்டாபேஸில் இருக்கும் முகவரிக்கு. படிவத்தில் தட்டிய முகவரிக்கு ஒருபோதும் அனுப்பக்கூடாது. துருக்கிய மொழியில் புள்ளியில்லாத ı என்ற எழுத்து உண்டு. பெரிய எழுத்தாக மாற்றினால் அது சாதாரண I ஆகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காமல் தேடும் நிரல், i உள்ள உண்மையான முகவரியையும், அந்த இடத்தில் ı வைத்துத் தாக்குபவர் தனக்கென எடுத்த முகவரியையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு, தாக்குபவர் தட்டிய முகவரிக்கே லிங்கை அனுப்பிவிடும். ஜாங்கோவில் 2019 டிசம்பரில் CVE-2019-19844 என்று சரிசெய்யப்பட்டது இந்தக் குறைதான். அதேபோல `RESET_BASE` அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதப்பட்ட முகவரி. கோரிக்கையில் வரும் `Host` தலைப்பிலிருந்து எடுத்தால், அந்தத் தலைப்பைத் தன் தளத்தின் பெயராக மாற்றி அனுப்புபவர், உண்மையான மெயிலுக்குள்ளேயே தன் தளத்தின் லிங்கை வைத்துவிட முடியும்.

சரி, ஆயுள் எவ்வளவு? பழைய லிங்க் 24 மணி நேரம் உயிரோடு இருந்தது. குழுவில் ஒருவர் 5 நிமிடம் போதும் என்றார். மெயில் உடனே போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் சொன்னது அது. பெறும் பக்கத்து மெயில் சர்வர்கள் சில, அறிமுகமில்லாத அனுப்புநரின் முதல் முயற்சியை வேண்டுமென்றே திருப்பி அனுப்பி, மறுபடி வந்தால்தான் ஏற்கும். அந்த மறுமுயற்சிக்கே சில நிமிடங்கள், சில சமயம் கால் மணி நேரமும் ஆகும். வந்தபோதே காலாவதியான லிங்கைப் பெற்றவர் மறுபடி கேட்பார், மறுபடி அதே கதை. 30 நிமிடத்தில் நின்றோம். அந்தக் கணக்கு பின்னணி நிரல் டோக்கனை உருவாக்கும் நொடியில் தொடங்குகிறது. வேலை வரிசையில் நெரிசல் என்றால் அதன் பாரம் பயனர் மேல் விழாது.

புதிய அமைப்பைச் சோதனைக்கு விட்டதும் வேறொரு சிக்கல் முளைத்தது. அலுவலக மெயில் முகவரி வைத்திருந்த சிலர், ‘லிங்கை முதல் முறை அழுத்தும்போதே ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்கிறது’ என்று எழுதினார்கள். பதிவேட்டில் பார்த்தால், மெயில் போன சில நொடிகளிலேயே ஒவ்வொரு லிங்கும் ஒரு முறை திறக்கப்பட்டிருந்தது. திறந்த ஐபி முகவரி பயனருடையது இல்லை, ஏதோ தரவு மையத்துடையது. நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள் உள்ளே வரும் லிங்குகளைத் தாங்களே முதலில் திறந்து, தீங்கானதா என்று பார்க்கும். எங்கள் நிரலோ லிங்க் திறக்கப்பட்டதுமே அதைச் செலவானதாகக் குறித்தது. பயனர் மெயிலைப் பார்ப்பதற்குள் அவருடைய ஒரே வாய்ப்பு தீர்ந்துவிட்டது.

ஒரு முறை மட்டும் என்ற விதி எந்தச் செயலுக்கு? பக்கத்தைத் திறப்பதற்கில்லை, கடவுச்சொல்லை மாற்றுவதற்கு. அதனால் `GET` கோரிக்கை எதையும் செலவழிக்காமல் படிவத்தை மட்டும் காட்டும்படி மாற்றினோம். புதிய கடவுச்சொல்லோடு `POST` வரும்போதுதான் டோக்கன் தீரும். அந்தப் படிவம் திறந்தவுடன் தானாகச் சமர்ப்பித்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் எதுவும் இருக்கக்கூடாது. சில ஸ்கேனர்கள் பக்கத்தின் ஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும்.

தீர்ப்பதையும் சரியாகச் செய்ய வேண்டும். முதலில் ‘பயன்படுத்தப்பட்டதா?’ என்று படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதினால், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கோரிக்கை நுழைந்துவிடும். ஒரே நேரத்தில் வந்த இரண்டும் ‘இல்லை’ என்று படித்து, இரண்டும் கடவுச்சொல்லை மாற்றும். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்கினால் இந்த இடைவெளி இருக்காது:

```sql
UPDATE password_resets
   SET used_at = now()
 WHERE token_hash = $1
   AND used_at IS NULL
   AND expires_at > now()
RETURNING user_id;
```

ஒரு வரி திரும்பினால் லிங்க் நல்லது. அதே பரிவர்த்தனைக்குள் கடவுச்சொல்லை மாற்று. எதுவும் திரும்பவில்லையென்றால் லிங்க் செல்லாது. புதிய கடவுச்சொல் போதிய நீளம் இருக்கிறதா என்ற சோதனை இந்தக் கட்டளைக்கு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் வைத்தால், குட்டையான கடவுச்சொல்லைத் தட்டியவர் லிங்கை இழந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

இதை எப்படிச் சோதிப்பது என்றால், ஒரே டோக்கனோடு பத்து `POST` கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒன்று மட்டும் வெற்றி பெற வேண்டும். கையால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பார்த்தால் பழைய தவறான நிரலும் தேறிவிடும்.

அதிகம் விவாதித்தது வேறொரு கேள்வியை. பொறுமையில்லாமல் ஒருவர் மூன்று முறை பொத்தானை அழுத்துகிறார், மூன்று மெயில் வருகிறது. எந்த லிங்க் செல்லும்? புதியது வந்ததும் பழையதை ரத்து செய்வதுதான் பெரும்பாலோரின் முதல் எண்ணம். குழுவும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் மெயில்கள் அனுப்பிய வரிசையில் வந்து சேர வேண்டும் என்பதில்லை, பயனர் முதலில் கண்ணில் பட்டதைத்தான் அழுத்துவார். அதைவிட மோசமானது, அந்தப் பெண்ணின் முகவரி தெரிந்த யாரும் நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புக் கோரிக்கை அனுப்பி, அவர் கையில் இருக்கும் லிங்கை ஓயாமல் செல்லாததாக்கிக்கொண்டே இருக்கலாம். முகவரியை மட்டும் தெரிந்த ஒருவரால் அவரை வெளியிலேயே நிறுத்திவைக்க முடிகிறது. அதனால் முந்தைய லிங்குகள் தங்கள் 30 நிமிடம் முடியும்வரை இருக்கட்டும் என்று வைத்தோம். எதையாவது ஒன்றைப் பயன்படுத்தி கடவுச்சொல் மாறியதும், அந்தப் பயனரின் மற்ற எல்லா லிங்குகளும் அதே பரிவர்த்தனையில் தீரும். ஒரு கணக்குக்கு அரை மணி நேரத்தில் மூன்று மெயில்தான் என்ற வரம்பு மேலே பார்த்த `over_limit`-இல் இருக்கிறது. வம்பு செய்பவர் வரம்பை நிரப்பினாலும், அப்படிப் போன மெயில்களில் இருக்கும் லிங்குகளும் பயனருக்குச் செல்லுபடியானவையே. அவர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

வரம்பு பின்னணி நிரலில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ‘அதிகமான முயற்சிகள், பிறகு வாருங்கள்’ என்று பக்கத்திலேயே சொன்னால், கணக்கு இருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி வரும். அது இன்னொரு கசிவு. கேட்கும் ஐபி முகவரிக்கான வரம்பை மட்டும் பக்கத்தில் வைத்தோம், அது கேட்பவரைப் பற்றியது, கேட்கப்படுபவரைப் பற்றியது இல்லை.

கடவுச்சொல் மாறிய பிறகு செய்ய வேண்டியவை சுருக்கமானவை. அந்தக் கணக்கின் மற்ற எல்லா உள்நுழைவுகளும் முடிவுக்கு வர வேண்டும், ‘உங்கள் கடவுச்சொல் மாறியது’ என்று ஒரு மெயில் போக வேண்டும், இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு வைத்திருப்பவரிடம் அது வழக்கம்போலக் கேட்கப்பட வேண்டும். மீட்புப் பக்கத்தில் ஏற்றப்பட்டிருந்த வெளியார் புள்ளிவிவர ஸ்கிரிப்டையும் எடுத்துவிட்டு `Referrer-Policy: no-referrer` சேர்த்தோம். பக்கத்தின் முகவரியிலேயே டோக்கன் இருக்கிறது. அது வேறு சர்வருக்குப் போகக்கூடாது.

இவ்வளவும் செய்தபின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று அது சிரித்துக்கொண்டே சொன்னது. மீட்புப் பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்தால் அந்தக் கணவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அங்கேயும் அதே முறைதான்: எந்த முகவரிக்கும் ‘மெயிலைப் பாருங்கள்’ என்ற ஒரே பதில். புதியவருக்குப் பதிவை முடிக்கும் லிங்க் போகும். ஏற்கெனவே இருப்பவருக்கு ‘உங்களுக்குக் கணக்கு உள்ளது’ என்று போகும். உள்நுழைவுப் பக்கத்தில், முகவரி இல்லாதபோதும் ஒரு பொய்யான ஹாஷை `bcrypt`-ஆல் சரிபார்க்கும்படி செய்தோம். இல்லாவிட்டால் அந்தச் சரிபார்ப்புக்கு ஆகும் நேரமே இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும்.

பயன்பாட்டில் ஓர் இழப்பு இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. முகவரியைத் தவறாகத் தட்டியவர் வராத மெயிலுக்காகக் காத்திருப்பார். எந்த முகவரியில் பதிந்தோம் என்பதை மறந்தவரும் அப்படியே. இதற்குப் பல தளங்கள் கணக்கில்லாத முகவரிக்கும் ‘இங்கே உங்களுக்குக் கணக்கில்லை’ என்று ஒரு மெயில் அனுப்புகின்றன. முகவரிப் பெட்டியின் உரிமையாளர் மட்டுமே அதைப் பார்ப்பார் என்பதால் பொதுவாக அது நல்ல வழி. இந்தத் தளத்துக்கு நான் வேண்டாம் என்றேன். யாரோ வம்புக்குத் தட்டிய முகவரிக்கெல்லாம் மனநல ஆலோசனைத் தளத்திலிருந்து மெயில் போவது சரியில்லை. அதற்குப் பதிலாக, பதில் பக்கத்தில் தட்டிய முகவரியைப் பெரிதாகக் காட்டி, ‘பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுத்துப்பிழை இருக்கிறதா, வேறு முகவரியில் பதிந்தீர்களா என்று பாருங்கள்’ என்று எழுதினோம்.

இதே காரணத்துக்காக மீட்பு மெயிலின் தலைப்பையும் மாற்றினோம். பூட்டிய தொலைபேசித் திரையில் அனுப்புநர் பெயரும் தலைப்பும் தெரியும். தளத்தின் முழுப் பெயரோடு ‘ஆலோசனைக் கணக்கு’ என்று இருந்ததை, ‘நீங்கள் கேட்ட லிங்க்’ என்று ஆக்கி, அனுப்புநர் பெயரையும் சுருக்கினோம். பகிர்ந்துகொள்ளும் மெயில் பெட்டியை வைத்திருப்பவரை இது முழுதாகக் காக்காது. மெயிலைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும், அதற்கு இந்த அமைப்புக்குள் தீர்வில்லை.

கடைசியாகக் கண்ட ஓட்டை நிரலில் இல்லை. உதவிப் பிரிவின் அரட்டையில், ‘என் மெயில் வரவில்லை, இந்த முகவரி உங்களிடம் இருக்கிறதா?’ என்று யார் கேட்டாலும் ஊழியர் தேடிப் பார்த்து ‘இருக்கிறது மேடம், மறுபடி அனுப்புகிறேன்’ என்று உதவி மனப்பான்மையோடு சொல்லிவந்தார். இப்போது அவர்களின் திரையில் தேடும் வசதிக்குப் பதில் ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. முகவரியை உள்ளிட்டு அழுத்தினால் அது அதே `send_reset` வேலையை வரிசையில் போடும். கணக்கு இருந்ததா என்று ஊழியருக்கும் காட்டாது. அவர் சொல்ல வேண்டிய வாசகம் பக்கத்தில் இருப்பதேதான்: ‘கணக்கு இருந்தால் மெயில் வந்துவிடும்.’